ஒரே நாளில் திரும்பும் விலை: ஐலண்ட் ரிவர்சல், கீ ரிவர்சல் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் போனிலேயே சிடிஎஸ் கணக்குத் திறந்து கொழும்புப் பங்குச்சந்தையில் வாங்கி விற்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணை, ஐலண்ட் ரிவர்சலும் கீ ரிவர்சலும் ஒண்டுதானா? சுருக்கமாச் சொல்லுங்கோ.

இல்லை. ஏறிக்கொண்டிருந்த விலை (அல்லது இறங்கிக்கொண்டிருந்த விலை) திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்புவதைத்தான் இரண்டும் காட்டுகின்றன. ஆனால் உருவாகும் விதம் வேறு.

ஐலண்ட் ரிவர்சலில், நன்றாக ஏறி வந்த விலை ஒருநாள், நடுவில் வியாபாரமே நடக்காத ஒரு இடைவெளி விட்டு மேலே தாவும். அங்கே ஒரு நாளோ, சில நாளோ, சில கிழமைகளோ நின்று வியாபாரமாகும். பிறகு கிட்டத்தட்ட அதே மட்டத்தில் இன்னொரு இடைவெளி விட்டுக் கீழே விழும். சார்ட்டில் பார்த்தால் மேலே ஒரு துண்டு மட்டும் இரண்டு பக்கமும் தொடர்பறுந்து ஒரு தீவு மாதிரித் தனித்து நிற்கும். அடியில் நடந்தால் இதே கதை தலைகீழாக. சுத்தமான தீவு அரிதாகத்தான் வரும்.

கீ ரிவர்சலுக்கு இடைவெளி கட்டாயமில்லை. எல்லாம் ஒரே நாளுக்குள் முடிந்துவிடும். ஏற்றத்தின் நடுவில் விலை புதிய உச்சத்தைத் தொடுகிறது, அன்றைக்கே திரும்பி, முந்தைய நாள் முடிவு விலைக்குக் கீழே முடிகிறது. இதை விடக் கடுமையான வரையறை வைத்திருப்பவர்களும் உண்டு. முந்தைய நாளின் உச்சத்தைத் தாண்ட வேண்டும், முந்தைய நாளின் அடிவிலைக்கும் கீழே முடிய வேண்டும், வியாபார அளவும் வழமையை விடப் பெருகியிருக்க வேண்டும் என்பார்கள். எந்த வரையறையை எடுக்கிறீர்கள் என்பதை முதலே முடிவு செய்துகொள்ளுங்கள். சார்ட்டைப் பார்த்த பிறகு வரையறையைத் தேடினால் எல்லா நாளும் கீ ரிவர்சலாகத்தான் தெரியும்.

நான் வச்சிருக்கிற பங்கில கிழமைக்கு ரெண்டு மூண்டு இடைவெளி வருது. நீங்கள் அரிது எண்டு சொல்லுறீங்கள்?

அந்தப் பங்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கைமாறுகிறது என்று பாருங்கள். எத்தனை பங்கு என்பதை அல்ல, எத்தனை வியாபாரம் என்பதை. காலையில் ஒருவர் 100 பங்கு 42.00 ரூபாவுக்கு வாங்கி, மத்தியானம் இன்னொருவர் 43.50க்கு 20 பங்கு வாங்கி, அத்தோடு நாள் முடிந்தால், அடுத்த நாள் 41க்கு ஒரு விற்பனை நடந்ததும் சார்ட் ஒரு இடைவெளியைக் கீறிவிடும். அதில் யாருடைய மனமும் மாறவில்லை. அந்த நேரத்தில் வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உண்மையான இடைவெளிக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நேற்று 78 ரூபா வரை நூற்றுக்கணக்கான வியாபாரம் நடந்தது, இன்று 80க்குக் கீழே விற்க ஒருவரும் தயாரில்லை என்றால், இரவுக்குள் எல்லாருடைய கணக்கும் ஒன்றாக மாறியிருக்கிறது. வழமையாக ஆள் நிறைந்திருக்கும் இடம் காலியாகக் கிடந்தால்தான் அந்தக் காலியிடத்துக்குப் பொருள் இருக்கும். எப்போதும் காலியாகவே கிடக்கும் பங்கில் அதைத் தேடிப் பிரயோசனமில்லை. கொழும்பில் பட்டியலில் உள்ள கம்பனிகளில் இப்படி மெலிவாக ஓடுபவை நிறைய இருக்கின்றன. நம் ஆட்கள் அனுப்பும் "தீவு" படங்களில் முக்கால்வாசி இந்த வகைதான்.

எண் போட்டு ஒருக்காக் காட்டுங்கோ, சும்மா சொன்னா விளங்குதில்லை.

சரி. இது கணக்குக்காக நான் போட்ட எண்கள், எந்தக் கம்பனியும் அல்ல. நாளுக்கு ஒன்றரை லட்சம் பங்கு அளவில் ஒழுங்காக ஓடும் ஒரு பங்கு என்று வையுங்கள். சில கிழமைகளாக 62 ரூபாவிலிருந்து ஏறி வருகிறது. நடுவில் ஒரு தடவை 71க்கு இறங்கி, அங்கிருந்து கடைசிப் பாய்ச்சலாக மேலே கிளம்பியிருக்கிறது.

திங்கள் அன்று அதன் உச்சம் 78.40. அன்று பின்னேரம் கம்பனியின் காலாண்டு முடிவு வருகிறது, இலாபம் நன்றாக இருக்கிறது. செவ்வாய் 80.10இல் திறக்கிறது. நாள் முழுக்க 79.80க்குக் கீழே போகவேயில்லை, 83 வரை தொட்டது, 9 லட்சம் பங்கு கைமாறியது. இப்போது 78.40க்கும் 79.80க்கும் நடுவில் 1.40 ரூபா இடைவெளி. புதன் 80.20க்கும் 83.60க்கும் இடையில் ஆடுகிறது. வியாழன் 80.00க்கும் 82.50க்கும் இடையில். கவனித்தீர்களா, இலாபச் செய்தி வந்தும், இத்தனை பேர் வாங்கியும், மூன்று நாளாக விலை நகரவில்லை. வாங்குகிறவர்களுக்கெல்லாம் யாரோ அமைதியாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளி 77.90இல் திறக்கிறது. அன்றைய உச்சம் 78.30, அடி 75.50, ஏழு லட்சம் பங்கு கைமாறியது. மேலே நின்ற மூன்று நாளின் மிகக் குறைந்த விலை 79.80, வெள்ளியின் உச்சம் 78.30. ஆக இரண்டாவது இடைவெளி 78.30இலிருந்து 79.80 வரை. முதல் இடைவெளி 78.40இலிருந்து 79.80 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. தீவு முழுமையாகிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது படம் அல்ல, உள்ளே மாட்டியிருக்கிற ஆட்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை வாங்கிய ஒவ்வொருவரும் 79.80 அல்லது அதற்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளி காலை விழித்தபோது அவர்களில் ஒருவர்கூட இலாபத்தில் இல்லை. நட்டமில்லாமல் வெளியேறும் ஒரு சந்தர்ப்பம்கூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்த விலைகளில் வியாபாரமே நடக்கவில்லை. சாதாரண இறக்கத்தில் விலை படிப்படியாக வரும், வெளியேற நேரம் இருக்கும். இங்கே கதவு இரவோடு பூட்டுப்பட்டுவிட்டது. அதனால்தான் பிறகு விலை 79 பக்கம் ஏறினால் "போட்ட காசு வந்தாப் போதும்" என்று விற்க வரிசை நிற்கும்.

அப்ப ஏன் அடிக்கடி வாறதில்லை? ஆசைப்பட்டு வாங்கி மாட்டுறது எல்லா நாளும் நடக்கிறதுதானே?

மாட்டுவது எல்லா நாளும் நடக்கிறது. ஆனால் மேலே பார்த்ததற்கு எத்தனை விசயம் ஒன்றாகக் கூட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். திருப்ப ஒரு ஏற்றம் முன்னாலேயே இருக்க வேண்டும். நெருக்கமாக ஓடும் பங்கில் இடைவெளி விழ வேண்டும், அதுவே சாதாரண காரியமில்லை, ஏனென்றால் அப்படியான பங்கில் ஒவ்வொரு சதத்துக்கும் விற்கவோ வாங்கவோ யாராவது காத்திருப்பார்கள். அந்த இடைவெளி உடனே நிரம்பாமலும் இருக்க வேண்டும். பெரும்பாலான இடைவெளிகள் அன்றைக்கோ சில நாளிலோ நிரம்பிவிடுகின்றன. நிரம்பினால் தீவு இல்லை.

நிரம்பாமல் தப்பினாலும், பல இடைவெளிகள் உண்மையான பலத்தோடு வந்தவையாக இருக்கும், விலை மேலும் ஏறிப் போய்விடும். மிச்சம் உள்ளவற்றிலும் விலை திரும்பும்போது மெதுவாக வழுக்கி, பழைய இடைவெளிக்குள் நடந்து இறங்குவதுதான் வழமை. அப்படி இறங்கினாலும் திருப்பம்தான், ஆனால் தீவு அல்ல. எதிர்ப்பக்கம் இரண்டாவது தடவையும் எல்லாருடைய மனமும் ஒரே இரவில், அதுவும் கிட்டத்தட்ட அதே விலையில் மாற வேண்டும். இரண்டு அபூர்வங்கள் ஒரே இடத்தில் சந்திக்கும் காரியம் இது. ஒரு பங்கை வருசக்கணக்காகப் பார்த்தும் ஒரு சுத்தமான தீவைக் காணாமல் இருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்குப் புது உச்சத்தில இருந்து சிவப்புக்கு வந்திட்டுது. கீ ரிவர்சல் எண்டு இப்பவே வித்திடவா?

பன்னிரண்டு மணிக்குக் கீ ரிவர்சல் என்று ஒன்று இல்லை. சந்தை 2.30க்கு மூடுகிறது. முடிவு விலை வந்த பிறகுதான் அந்த நாளுக்குப் பெயர் வைக்கலாம். மத்தியானம் சிவந்து, கடைசி அரை மணியில் பச்சையாக முடிந்த நாட்களுக்குக் கணக்கேயில்லை.

இந்த முறையின் உண்மையான விலையும் இதில்தான் இருக்கிறது. உறுதியாகத் தெரியும்போது விலை உச்சத்திலிருந்து கணிசமாக இறங்கியிருக்கும், நீங்கள் விற்பது அடுத்த நாள் காலை. உச்சத்தில் விற்க இது உதவாது.

தங்கத்துக்கு இது சரிவருமா? எங்கட சனம் பங்கை விட பவுணைத்தானே பாக்குது.

உலகச் சந்தைத் தங்கத்துக்குச் சரிவரும், ஆனால் எவ்வளவு சரிவரும் என்பதற்கு 2011ஆம் ஆண்டை விட நல்ல பாடம் இல்லை. கீழே உள்ளவை நியூயோர்க்கின் டிசம்பர் மாதத் தங்க ஒப்பந்த விலைகள், ஒரு அவுன்சுக்கு டொலரில்.

அந்த ஆவணியில் தங்கம் நாளுக்கு நாள் புதிய உச்சம். 2011 ஓகஸ்ட் 22 திங்கள் 1,891.90இல் முடிந்தது. அடுத்த நாள் 1,917.90 வரை போய்ப் புதிய உச்சம் தொட்டு, திரும்பி, 1,861.30இல் முடிந்தது. புதிய உச்சம், முந்தைய நாள் முடிவுக்குக் கீழே முடிவு, கீ ரிவர்சல். அதற்கு அடுத்த நாள், 24ஆம் திகதி, ஒரே நாளில் 104 டொலர் விழுந்து 1,757.30. பார்த்தவர்கள் எல்லாரும் "முடிஞ்சுது, இதுதான் உச்சி" என்று சொல்லியிருப்பார்கள்.

முடியவில்லை. இரண்டு கிழமைக்குள் தங்கம் விழுந்ததையெல்லாம் திரும்பப் பிடித்தது. செப்டெம்பர் 2 வெள்ளிக்கிழமை முடிவு 1,876.90. திங்கள் அமெரிக்காவில் விடுமுறை. செவ்வாய், 6ஆம் திகதி, 1,923.70 தொட்டது, அதுவரை யாரும் காணாத விலை. அன்றுதான் சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்தது. அன்று தங்கம் திரும்பி 1,873.30இல் முடிந்தது. வெள்ளிக்கிழமை முடிவை விட வெறும் 3.60 டொலர்தான் குறைவு.

இந்த இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது பார்க்க எவ்வளவு பலமாக இருந்தது, முடிவில் 30 டொலர் இறக்கம், அடுத்த நாள் பேரிறக்கம். அது இரண்டு கிழமையில் உடைந்தது. இரண்டாவது பேருக்குத்தான் கீ ரிவர்சல். முந்தைய நாளின் அடிவிலைக்குக் கீழே முடிய வேண்டும் என்ற கடுமையான வரையறைப்படி அது தேறவேயில்லை. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் தங்கம் 1,600க்குக் கீழேயும் போய்வந்தது, அந்த உச்சத்தைத் திரும்பத் தாண்ட 2020 யூலை வரை கிட்டத்தட்ட ஒன்பது வருசம் எடுத்தது.

அன்று மாலை உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எது பெரிய திருப்பம், எது சின்னத் திருப்பம் என்று அந்த ஒரு கேண்டிலை வைத்துச் சொல்ல வழியே இல்லை. கீ ரிவர்சல் நாட்கள் அவ்வளவு அரிதுமல்ல, தளர்வான வரையறையில் அடிக்கடி வரும். பெரிய திருப்பமாக முடியும் கீ ரிவர்சல்தான் அரிது.

தீவைப் பற்றிக் கேட்டால், உலகத் தங்கத்தில் அது இன்னும் அரிது. ஏறக்குறைய இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் சந்தையில் இடைவெளி விழவே இடமில்லை, சனி ஞாயிறு தாண்டித் திறக்கும்போது மட்டும்தான்.

நகைக்கடை பவுண் விலையை, நெல் விலையை நானே எழுதிக் கீறினா தெரியுமா?

தெரியாது. நகைக்கடை விலை நாளுக்கு ஒரு எண், சில நாள் இரண்டு. அதற்குள் நாளின் உச்சமும் இல்லை, அடியும் இல்லை, திறப்பு விலையும் இல்லை. அதோடு டொலர் விலை மாறினாலும் பவுண் விலை மாறும், தங்கம் அசையாமலே.

நெல் இன்னும் மோசம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அறிவித்தது. அப்படியான அறிவிப்பு வரும் நாளில் உங்கள் கோடு படிக்கட்டு மாதிரித் தாவும், அது சந்தையின் மனமாற்றம் அல்ல, ஒரு கடதாசி. காலபோக அறுவடை நேரம் பரந்தனிலும் முழங்காவிலிலும் வயல்கரையில் என்ன விலை போகிறது என்பது ஈரப்பதத்தைப் பொறுத்தும், விற்கிறவரின் அவசரத்தைப் பொறுத்தும் மாறும். அதைச் சார்ட்டில் பிடிக்கவே முடியாது.

ஒரு பங்கில சுத்தமான தீவு கண்டன். ரெண்டு இடைவெளியும் இருக்கு, வியாபாரமும் நிறைய. நம்பலாமா?

இரண்டாவது இடைவெளி விழுந்த நாளில் அந்தக் கம்பனியின் அறிவித்தலைப் பாருங்கள். எக்ஸ்டி நாளாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நல்ல பங்குகளில் வரும் போலித் தீவு பெரும்பாலும் இதுதான். கம்பனி பங்குக்கு 4 ரூபா இலாபப்பங்கு என்று அறிவிக்கிறது, விலை இடைவெளி விட்டு மேலே போகிறது. இரண்டு மூன்று கிழமை அங்கேயே நிற்கிறது. எக்ஸ்டி நாள் வருகிறது. அன்றிலிருந்து வாங்குகிறவருக்கு அந்த 4 ரூபா கிடையாது என்பதால் விலை கிட்டத்தட்ட அந்த 4 ரூபாவைக் கழித்துக்கொண்டு திறக்கிறது. மேலே ஒரு இடைவெளி, கீழே ஒரு இடைவெளி, ஏறக்குறைய ஒரே மட்டம். படம் அச்சொட்டாகத் தீவு. ஆனால் உள்ளே வாங்கியவர்கள் மாட்டவில்லை, இறங்கிய காசு அவர்களுக்குத்தான் வரப்போகிறது. உரிமைப் பங்கு, பங்குப் பிரிப்பு எல்லாம் இதே வேலையைச் செய்யும். சில சார்ட்டுகள் இவற்றைச் சரிசெய்து காட்டும், சில காட்டாது.

சந்தை நாட்கணக்காகப் பூட்டியிருந்து திறக்கும்போது வரும் இடைவெளியும் வேறு சாதி. 2022 ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையைப் பூட்டி வைத்தார்கள். 25ஆம் திகதி திறந்ததும் விலைகள் விழுந்த வேகத்தில் வியாபாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. சேர்ந்துகிடந்த செய்தி எல்லாம் ஒரே காலையில் விலையில் ஏறியதால் வந்த இடைவெளி அது.

தனிப் பங்கு வேண்டாம், ஏஎஸ்பிஐ சார்ட்டிலயே பாத்தா என்ன?

கீ ரிவர்சல் பார்க்கலாம். தீவு பார்ப்பது கஷ்டம். சுட்டெண் என்பது எல்லாப் பங்குகளின் விலையையும் கூட்டிக் கணக்கிடுவது. காலையில் திறந்த முதல் நிமிசங்களில் பாதிப் பங்குகள் இன்னும் கைமாறியிருக்காது, அவற்றுக்கு நேற்றைய விலையே கணக்கில் நிற்கும். அதனால் சுட்டெண் நேற்றைய முடிவுக்குப் பக்கத்திலேயே திறந்து பிறகுதான் ஓடும். உள்ளே பத்துப் பங்கு இடைவெளி விட்டிருந்தாலும் சுட்டெண்ணில் அது மறைந்துபோகும்.

தீவு உண்மைதான் எண்டு வைப்பம். எவ்வளவு தூரம் இறங்கும்?

பெரிய ஏற்றம் முழுதும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தீவுக்குச் சற்று முன்னால் கிளம்பிய கடைசிப் பாய்ச்சல் முழுதாகத் திருப்பி எடுக்கப்படும், அதுவரை எதிர்பார்ப்பது நியாயம். மேலே உள்ள கணக்கில் அது 71. 62 அல்ல. 71இல் நின்று திரும்ப ஏறினாலும் தீவு தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம். பெரிய உச்சமா என்பதை அதற்குப் பிறகு 71 உடைகிறதா என்று பார்த்துத்தான் சொல்லலாம்.

வித்த பிறகு விலை திரும்பி ஏறினா? எந்த இடத்தில விட்டுக்குடுக்கிறது?

அந்தக் கணக்கில் 79.80. இடைவெளிக்குள் நுழைந்து 79 வரை வந்து திரும்பினால் பயப்பட வேண்டாம், மாட்டியவர்கள் விற்கும் இடம் அது. நாள் முடிவில் விலை 79.80க்கு மேல் நின்றால், இரண்டாவது இடைவெளி முழுதாக நிரம்பிவிட்டது, மாட்டியிருந்தவர்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள், தீவும் இல்லை. கீ ரிவர்சலென்றால் அந்த நாளின் உச்சம்தான் எல்லை. 2011இல் ஓகஸ்ட் 23ஐ நம்பியவருக்கு அது 1,917.90, செப்டெம்பர் 6 அன்று அது தாண்டப்பட்டது. நாள் முடிவு விலையைப் பார்த்து விட்டுக்கொடுப்பவர் அன்று தப்பியிருப்பார், தொட்டவுடன் விட்டுக்கொடுப்பவர் சரியாக உச்சியில் வாங்கியிருப்பார். நான் முடிவு விலையைத்தான் பார்க்கிறேன், ஆனால் மெலிவாக ஓடும் பங்கில் அதுவும் கடைசி நேரத்தில் கைமாறிய 10 பங்கின் விலையாக இருக்கக்கூடும்.